பிளேஸ்டேஷன் 4 தொடங்கும்போதே திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது: 5ஆம் தேர்வை அழுத்தினால் சேவ் கோப்புகள் போய்விடுமா?

வைகைக்கரை | ஜூன் 4, இரவு 9.50

எங்களுடையது பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம், 500 ஜிபி. நேற்று இரவு ரெஸ்ட் மோடில் ஒரு கேம் இறங்கிக்கொண்டிருந்தது, ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் போனது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கன்சோல் அணைந்துவிட்டது.

இன்று காலையிலிருந்து இதே நிலைதான். நீல விளக்கு, பிறகு வெள்ளை விளக்கு, திரையில் லோகோ, கருப்புத் திரை, மீண்டும் முதலிலிருந்து. ஒருமுறை மட்டும் சேமிப்பகத்தைச் சரிபார்க்கிறேன் என்று ஒரு பட்டை ஓடியது. அது முடிந்ததும் மறுபடி ரீஸ்டார்ட்.

கடையில் கேட்டேன். உள்ளே எதையும் பார்க்காமலே "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றித் தருகிறோம்" என்றார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பண்ணையை வளர்த்து வருகிறாள். சந்தா கட்டவில்லை என்பதால் கிளவுடில் பிரதி கிடையாது. சேஃப் மோடில் 5ஆம் தேர்வு, Rebuild Database, இதைச் சரிசெய்யும் என்று படித்தேன். அதை அழுத்தினால் அவளுடைய சேவ் கோப்புகள் தங்குமா?

திண்டுக்கல்பூட்டு | ஜூன் 4, இரவு 10.15

தங்கும், கவலைப்படாதீர்கள். 5ஆம் தேர்வு என்பது கணினியில் செய்யும் டிஃப்ராக் போன்றதுதான். சிதறிக் கிடக்கும் கோப்புகளை வரிசையாக அடுக்கி வைக்கும், டிஸ்க் புதிது போல் ஆகிவிடும். நான் மாதம் ஒருமுறை ஓட்டுகிறேன். அதில் சரியாகவில்லை என்றால் 4, அதுவும் இல்லை என்றால் 6. ஆறும் அமைப்புகளைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுபோகும்.

ஈயப்பற்று | ஜூன் 4, இரவு 10.40

வைகைக்கரை, 6ஐத் தொடாதீர்கள். 7ஐயும் தொடாதீர்கள். பூட்டு அண்ணன் சொன்னதில் முதல் வார்த்தை மட்டும் சரி. 4ஆம் தேர்வுதான் அமைப்புகளை மட்டும் மாற்றும். 6 என்றால் Initialize PS4. பயனர் கணக்கு, கேம், சேவ் எல்லாம் போய்விடும். 7 அதோடு சிஸ்டம் மென்பொருளையும் அழித்துப் புதிதாக ஏற்றும்.

5ஐப் பற்றி. அது டிஃப்ராக் இல்லை. டிஸ்கில் என்னென்ன கேம் இருக்கிறது, எது எங்கே இருக்கிறது, முகப்பில் எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்பதையெல்லாம் கன்சோல் தனியாக ஒரு தரவுத்தளத்தில் எழுதி வைத்திருக்கிறது. உள்ளே அதன் பெயர் `app.db`. நூலகத்தில் புத்தகங்கள் அலமாரியிலேயே இருக்க, பட்டியல் நோட்டு மட்டும் நனைந்து கிழிந்துபோனால் என்ன செய்வார்கள்? அலமாரி அலமாரியாகப் பார்த்துப் பட்டியலைப் புதிதாக எழுதுவார்கள். 5 செய்வது அதுதான். கேம் கோப்புகளை இடம் மாற்றாது, சேவ் கோப்புகளை அழிக்காது. நேற்று பாதியில் நின்ற கேம் மட்டும் காணாமல் போகலாம், மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

கேம் இறங்கும்போது அந்தப் பட்டியலில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் பட்டியல் சிதைய வாய்ப்பு அதிகம். ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். 5ஆம் தேர்வு பட்டியலைத்தான் திருத்தும், டிஸ்கைத் திருத்தாது. டிஸ்கே பழுதாகியிருந்தால் இது தற்காலிகத் தீர்வுதான்.

செய்யும் முறை: வெளியே ஹார்ட் டிஸ்க் இணைத்திருந்தால் கழற்றிவிடுங்கள். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து முழுதாக அணையுங்கள். பிறகு மறுபடி அழுத்திப் பிடியுங்கள். உடனே ஒரு பீப் கேட்கும், விரலை எடுக்காதீர்கள். ஏறத்தாழ 7 நொடியில் இரண்டாவது பீப். அப்போது எடுங்கள். கன்ட்ரோலரை யுஎஸ்பி வயரில் இணைத்து நடுவில் உள்ள பிஎஸ் பொத்தானை அழுத்துங்கள், சேஃப் மோடு பட்டியல் வரும். முதலில் 1. பலிக்காவிட்டால் 5. வேறு எதையும் என்னைக் கேட்காமல் அழுத்த வேண்டாம்.

இரவுக்குருவி | ஜூன் 4, இரவு 11.05

என்னிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 5. அதில் 5ஐ அழுத்தினால் உள்ளே இரண்டு தேர்வுகள் வருகின்றன. ஒன்று சிஸ்டத்தின் கேஷை அழிப்பது, மற்றொன்று தரவுத்தளத்தை மீண்டும் கட்டுவது. நான் எப்போதும் கேஷை முதலில் அழிப்பேன், பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். வைகைக்கரையும் அதை முதலில் செய்து பார்க்கலாமே?

ஈயப்பற்று | ஜூன் 4, இரவு 11.12

குருவி, அந்தப் பிரிவு பிளேஸ்டேஷன் 5இல்தான் உண்டு. பிளேஸ்டேஷன் 4இன் பட்டியலில் கேஷுக்குத் தனித் தேர்வு கிடையாது. வைகைக்கரை அதைத் தேடிக் குழம்ப வேண்டாம்.

வைகைக்கரை | ஜூன் 5, காலை 7.30

இரண்டு பீப்பும் கேட்டன. கன்ட்ரோலரை இணைத்து பிஎஸ் பொத்தானை அழுத்தச் சொல்லித் திரையில் செய்தி நிற்கிறது. அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. கன்ட்ரோலரின் விளக்கு ஆரஞ்சாக மின்னுகிறது. யுஎஸ்பி துளையும் போய்விட்டதா?

ஈயப்பற்று | ஜூன் 5, காலை 7.55

துளை நன்றாக இருக்கிறது. விளக்கு மின்னுகிறது என்றால் சார்ஜ் ஏறுகிறது. உங்கள் வயர் சார்ஜ் மட்டும் ஏற்றும் வகை. அதில் தகவல் போகும் கம்பிகளே இருக்காது. சேஃப் மோடில் புளூடூத் வேலை செய்யாததால் தகவல் போகும் வயர் கட்டாயம். பழைய போனைக் கணினியில் இணைத்துப் படங்களை நகர்த்தப் பயன்படுத்திய மைக்ரோ யுஎஸ்பி வயர் இருந்தால் அதைப் போடுங்கள். என்னிடம் "மதர்போர்டு போய்விட்டது" என்று வரும் பெட்டிகளில் சில இந்த வயர் கதைதான்.

வைகைக்கரை | ஜூன் 5, இரவு 8.20

பழைய கேமராவின் வயரைப் போட்டேன், உடனே பட்டியல் வந்தது. 1ஐ அழுத்தினேன், பழையபடி லோகோ, கருப்புத் திரை, ரீஸ்டார்ட். மீண்டும் உள்ளே வந்து 5ஐக் கொடுத்திருக்கிறேன். பட்டை கால்வாசி வரை வேகமாக ஓடியது. இப்போது வெகுநேரமாக அதே இடத்தில் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி தொடங்கலாமா?

ஈயப்பற்று | ஜூன் 5, இரவு 8.31

பிடுங்காதீர்கள்! எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை எடுத்ததுதானே இந்த நிலைக்கே கொண்டுவந்தது. நல்ல டிஸ்கில் இது சில நிமிடங்களிலும் முடியும், ஒரு மணி நேரமும் ஆகும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே இடத்தில் நீண்ட நேரம் நின்றால், அங்கே படிக்க முடியாத ஏதோ ஒன்றை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்று சந்தேகிக்கலாம். இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பெட்டியின் மேல் காதை வைத்துக் கேளுங்கள். சீரான இரைச்சல் நல்லது. ஒரே தாளத்தில் "டக்... டக்..." என்று கேட்டால் சொல்லுங்கள்.

நெய்தல்நிலா | ஜூன் 5, இரவு 9.40

எனக்கும் இதே பிரச்சினை. ஒரு பந்தயக் கேமில் மூன்றாவது பாதைக்குப் போனவுடன் பிழைச்செய்தி வந்து முகப்புத் திரைக்குத் தள்ளிவிடுகிறது. CE-34878-0 என்று எண் வருகிறது. நானும் 5ஐ ஓட்டட்டுமா?

திண்டுக்கல்பூட்டு | ஜூன் 5, இரவு 9.58

நிலா, இது அதே பிரச்சினை இல்லை. உங்களுடையதில் கேம்தான் விழுகிறது, கன்சோல் விழாமல் ஓடுகிறது. அந்த எண் கேம் நொறுங்கினால் வருவது. கேமுக்கும் கன்சோலுக்கும் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த கேமை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் ஏற்றுங்கள். சேவ் கோப்பு தனியாக இருக்கும், கேமை அழித்தால் அது போகாது.

ஈயப்பற்று | ஜூன் 5, இரவு 10.06

பூட்டு அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்கள் நிலா. பல கேம்களில் அதே எண் வரத் தொடங்கினால் மட்டும் திரும்ப வாருங்கள்.

வைகைக்கரை | ஜூன் 6, காலை 6.15

வந்துவிட்டது! இரவு எப்போது முடிந்தது என்று தெரியவில்லை, எழுந்து பார்த்தபோது "பிஎஸ் பொத்தானை அழுத்துங்கள்" என்ற திரை நின்றது. உள்ளே போனால் எல்லா கேமும் இருக்கின்றன, முகப்பில் வரிசை மட்டும் கலைந்திருக்கிறது. பாதியில் நின்ற கேம் இல்லை. பண்ணை அப்படியே இருக்கிறது. மகள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஈயப்பற்று | ஜூன் 6, காலை 6.40

மிகவும் மகிழ்ச்சி. இப்போது வேறு எதையும் செய்வதற்கு முன் ஒரு பென் டிரைவைச் செருகுங்கள். Settings, அதில் Application Saved Data Management, அதில் Saved Data in System Storage, அதில் Copy to USB Storage Device. ஒவ்வொரு கேமாகத் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். இன்றே செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், சேஃப் மோடு பட்டியலில் நகலெடுக்கும் தேர்வே கிடையாது. கன்சோல் முழுதாகத் தொடங்கினால்தான் சேவ் கோப்புகளை வெளியே எடுக்க முடியும். டிஸ்கைக் கழற்றிக் கணினியில் போட்டு எடுத்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். அதில் உள்ளது எல்லாம் உங்கள் கன்சோலின் சாவியால் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. கணினிக்கு அது வெற்று டிஸ்காகத்தான் தெரியும். இப்போது கதவு திறந்திருக்கிறது. பட்டை கால்வாசியில் நின்றதை நான் மறக்கவில்லை.

வைகைக்கரை | ஜூன் 6, இரவு 9.10

எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டேன். மொத்தமும் 2 ஜிபிகூட இல்லை. இவ்வளவு சிறியதை இத்தனை நாள் வெளியே எடுத்து வைக்காமல் விட்டோம் என்பது மனத்தை உறுத்துகிறது.

கடலூர்க்காற்று | ஜூன் 7, மாலை 5.20

நான் மின்பணி செய்பவன், கேம் பற்றித் தெரியாது. "இன்வெர்ட்டர் இருந்தும் அணைந்துவிட்டது" என்று எழுதியிருந்தீர்கள், அதைச் சொல்லவே வந்தேன். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் சாதாரண நிலை, மறுபக்கம் யுபிஎஸ் நிலை. சாதாரண நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளி மின்விசிறிக்கும் விளக்குக்கும் போதும், கணினி போன்ற பொருள்கள் அந்த இடைவெளியில் விழுந்துவிடும். யுபிஎஸ் நிலைக்கு மாற்றிவிட்டு ஒருமுறை மெயினை அணைத்துப் பாருங்கள். சோதிக்கும்போது கன்சோலுக்குப் பதில் வேறு ஏதாவது கணினியை வைத்துச் சோதியுங்கள்.

வைகைக்கரை | ஜூன் 7, இரவு 8.45

காற்று அண்ணா, சாதாரண நிலையில்தான் இருந்தது. மாற்றிவிட்டேன், மெயினை அணைத்தபோது மேசைக் கணினி விழவில்லை. நன்றி.

வைகைக்கரை | ஜூன் 11, இரவு 7.30

மறுபடியும் வந்துவிட்டது. இந்த முறை மின்சாரம் போகவே இல்லை. மாலையில் விளையாடிக்கொண்டிருக்கும்போது கேம் உறைந்தது, நிலா சொன்ன அதே எண், பிறகு வேறு ஒரு கேமிலும் அதே எண். அணைத்துப் போட்டால் மறுபடி லோகோ, கருப்புத் திரை, ரீஸ்டார்ட். 5ஐ ஓட்டினேன். அதே கால்வாசியில் நிற்கிறது. காதை வைத்துக் கேட்டேன். டக், டக், சற்று இடைவெளி, டக், டக்.

திண்டுக்கல்பூட்டு | ஜூன் 11, இரவு 7.52

5ஐத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். முதல் முறை பலித்ததே! ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும்.

ஈயப்பற்று | ஜூன் 11, இரவு 8.10

அண்ணா, இங்கே நான் உடன்பட மாட்டேன். பட்டியலைப் புதிதாக எழுத டிஸ்க் முழுவதையும் தேடிப் படிக்க வேண்டும். சாகும் தறுவாயில் உள்ள டிஸ்குக்கு அதைவிடக் கடினமான வேலை இல்லை. இருமுறையும் ஒரே இடத்தில் நிற்கிறது, பல கேம்கள் விழுகின்றன, மின்தடை இல்லாமலே திரும்ப வந்துவிட்டது, ஒலியும் சேர்ந்துவிட்டது. இனி பட்டியலைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஊகத்தில் செலவு செய்ய வேண்டாம், அளந்து பார்ப்போம். உள்ளே இருப்பதைக் கணினியால் படிக்க முடியாது என்றேன். டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படிக்க முடியும், அதற்கு மறையாக்கம் கிடையாது. ஸ்லிம்மில் டிஸ்கை எடுப்பது எளிது. பின்பக்க மூலையில் உள்ள சிறு பிளாஸ்டிக் மூடியை இழுத்தால் வந்துவிடும். உள்ளே கன்ட்ரோலரின் நான்கு குறிகள் பொறித்த ஒரு திருகு. அதைக் கழற்றினால் டிஸ்க் தட்டோடு வெளியே வரும். சாட்டாவிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் வயர் ஒன்று வாங்கிக் கணினியில் இணைத்து, CrystalDiskInfo மென்பொருளில் 05, C5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். விண்டோஸ் "இந்த டிஸ்கை இனிஷியலைஸ் செய்யட்டுமா, ஃபார்மட் செய்யட்டுமா" என்று கேட்டால் ரத்து செய்யுங்கள்.

வைகைக்கரை | ஜூன் 13, இரவு 9.25

விண்டோஸ் கேட்டது, ரத்து செய்தேன். மென்பொருள் மஞ்சள் நிறத்தில் Caution என்கிறது. 05 வரி முழுக்கப் பூஜ்யம். C5 வரியில் 0000000001A8 என்று இருக்கிறது. எழுத்தெல்லாம் கலந்திருக்கிறதே, இது என்ன எண்?

ஈயப்பற்று | ஜூன் 13, இரவு 9.41

அந்த மென்பொருள் பதினாறடிமான எண்ணில் காட்டும். 1A8 என்றால் 256, அதோடு 160, அதோடு 8. ஆக 424. படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் துண்டுகளின் எண்ணிக்கை அது. நல்ல டிஸ்கில் இந்த வரி பூஜ்யமாக இருக்க வேண்டும். டிஸ்கை மாற்றுங்கள். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி எதுவும் பொருந்தும், தடிமன் 9.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும்.

திண்டுக்கல்பூட்டு | ஜூன் 13, இரவு 10.20

எண்ணைப் பார்த்த பிறகு நானும் மாற்றத்தான் சொல்வேன். ஆனால் கேம்களை மறுபடி இறக்க எவ்வளவு டேட்டா போகும்! லினக்ஸில் பழைய டிஸ்கை அப்படியே புதியதற்குப் பிரதி எடுத்துவிடலாமே? அதே கன்சோலில்தானே போடப்போகிறோம்.

ஈயப்பற்று | ஜூன் 13, இரவு 10.45

அதே கன்சோல் என்பதால் செய்யலாம், செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் படிக்க முடியாத 424 துண்டுகளும் புதியதில் ஓட்டைகளாகவே வரும். ஓட்டை எந்தக் கோப்பில் விழுந்தது என்று நமக்குத் தெரியாது. சேவ் கோப்புகள் வெளியே இல்லை என்றால் நானே அதைத்தான் முதலில் முயல்வேன். வைகைக்கரையிடம் அவை பென் டிரைவில் பத்திரமாக இருக்கின்றன. சுத்தமாகப் புதிதாக ஏற்றுவதே நல்லது.

இப்போதுதான் 7ஆம் தேர்வுக்கு வேலை. அதிகாரப்பூர்வ ஆதரவுப் பக்கத்தில் இரண்டு கோப்புகள் இருக்கும், இரண்டுக்கும் ஒரே பெயர். சாதாரண அப்டேட் ஏறத்தாழ 500 எம்பி, மறுநிறுவலுக்கானது 1 ஜிபிக்கு மேல். உங்களுக்குப் பெரியதுதான் வேண்டும். பென் டிரைவ் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்க வேண்டும். சேவ் கோப்புகள் உள்ளதை விட்டுவிட்டு வேறு பென் டிரைவை எடுங்கள். அதில் இப்படி வையுங்கள், எல்லாம் பெரிய எழுத்தில்:

```
PS4/UPDATE/PS4UPDATE.PUP
```

வைகைக்கரை | ஜூன் 15, மாலை 4.10

480 ஜிபி எஸ்எஸ்டி பொருத்திவிட்டேன். சேஃப் மோடு தானாக வந்தது. ஆனால் மறுநிறுவல் கோப்புள்ள யுஎஸ்பியை இணைக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இணைத்துதான் இருக்கிறேன். கோப்பும் பெரியதுதான்.

இரவுக்குருவி | ஜூன் 15, மாலை 4.18

கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இரண்டாம் முறை இறக்கினால் பிரவுசர் பின்னால் (1) என்று சேர்த்துவிடும். என் வீட்டில் அதுதான் நடந்தது.

வைகைக்கரை | ஜூன் 15, இரவு 8.50

குருவி, அதேதான்! முதலில் சிறிய கோப்பை இறக்கியிருந்தேன், பிறகு பெரியது அதே பெயரில் வந்ததால் (1) ஒட்டிக்கொண்டது. பெயரைத் திருத்தியதும் 7 ஓடியது. மகளின் பழைய கணக்கிலேயே உள்ளே நுழைந்து, பண்ணைக் கேமை ஏற்றி, பென் டிரைவிலிருந்து சேவ் கோப்பைத் திரும்பப் போட்டோம். எல்லா மாடுகளும் இருக்கின்றன.

ஈயப்பற்று | ஜூன் 15, இரவு 9.05

அதே கணக்கு என்பது முக்கியம். வேறு கணக்கில் நுழைந்திருந்தால் அந்த நகலை ஏற்க மறுத்திருக்கும்.

கடலூர்க்காற்று | ஜூன் 16, காலை 10.30

ஆக, மின்தடைதான் டிஸ்கைக் கெடுத்ததா, இல்லை முன்பே கெட்டிருந்ததா?

திண்டுக்கல்பூட்டு | ஜூன் 16, காலை 11.00

மின்தடைதான். அந்த இரவுக்கு முன் ஒரு குறையும் இல்லையே.

ஈயப்பற்று | ஜூன் 16, பிற்பகல் 1.15

எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் சில துண்டுகள் பாதி எழுதப்பட்டு, நிலுவையில் விழும் என்பது உண்மை. ஆனால் 424 என்பது எனக்கு அதிகமாகப் படுகிறது. டக் டக் ஒலி தேய்மானத்தைக் காட்டுகிறது. முன்பே தளர்ந்திருந்த டிஸ்கை அந்த இரவு வெளிக்காட்டியது என்பது என் கணிப்பு. மின்தடைக்கு முன் எடுத்த C5 அளவு இருந்திருந்தால்தான் தீர்த்துச் சொல்ல முடியும்.

வைகைக்கரை | ஜூன் 16, இரவு 7.40

பழைய டிஸ்கை விண்டோஸில் ஃபார்மட் செய்து படங்கள் போட்டு வைக்கலாமா?

ஈயப்பற்று | ஜூன் 16, இரவு 8.00

முழு ஃபார்மட் செய்தால் C5 குறைவதைக் காண்பீர்கள். சில துண்டுகள் மறுபடி எழுதியதும் பிழைத்துக்கொள்ளும், பிழைக்காதவை 05 வரியில் சேரும். எண் குறைந்துவிட்டது என்று நம்பிக் குடும்பப் படங்களை அதில் வைக்காதீர்கள். மீண்டும் இறக்கிக்கொள்ளக்கூடிய கேம்களுக்குக்கூட நான் அதை வெளி டிஸ்காக இணைக்க மாட்டேன். அதில் ஒன்று உறைந்தால் மறுபடி ரீஸ்டார்ட் சுற்றில் வந்து நிற்பீர்கள்.